மேற்பார்வையாளர் வெளியே போனதும்

1930களின் பிற்பகுதி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் லிப்பிட் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர், பத்து பதினோரு வயதுப் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகச் சேர்த்து இரண்டு சிறு கழகங்களைத் தொடங்கினார். பள்ளி முடிந்ததும் கூடி, நாடகத்துக்கான முகமூடிகள் செய்வதுதான் அவற்றின் வேலை. இரண்டையும் நடத்தியவர் லிப்பிட்டேதான். ஆனால் ஒன்றில் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளையிட்டார். மற்றொன்றில் பிள்ளைகளோடு கலந்து பேசி முடிவெடுத்தார். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள், எத்தனை முறை சண்டையிடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் விடாமல் குறித்துக்கொண்டே வந்தார்கள். கட்டளையால் நடந்த கழகத்தில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் காட்டிய பகைமை, மற்றதைவிட ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாக இருந்தது. அவர்கள் தலைவரை எதிர்க்கவில்லை. தங்களுக்குள்ளேயே ஒரு பிள்ளையைப் பிடித்து எல்லோரும் சேர்ந்து வதைத்தார்கள்.

இந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர் கர்ட் லெவின். பெர்லினில் பணியாற்றிய யூத உளவியலாளர். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அவருடைய தாயார் பின்னர் நாஜிகளின் முகாமில் உயிரிழந்தார். ஒரே மனிதர்கள் ஒரு தலைமையின் கீழ் ஒருவிதமாகவும் வேறு தலைமையின் கீழ் வேறுவிதமாகவும் ஏன் மாறிப்போகிறார்கள் என்பது அவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

எதேச்சதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, தலையிடாத் தலைமை என்று இன்று மேலாண்மை மாணவர்களும் செவிலியர் கல்லூரி மாணவிகளும் படிக்கும் மூன்று வகைகளும் அந்த அயோவா கழகங்களிலிருந்து வந்தவைதான். தேர்வில், ஒரு மேற்பார்வையாளரைப் பற்றி நான்கு வரி கொடுத்து, இவர் எந்த வகை என்று கேட்பார்கள். வேலைக்குப் போகும் யாவருக்கும் அந்தக் கேள்வி தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் அதற்கு விடை தேடுவது தவறான இடத்தில். குரலையும் கோபத்தையும் வைத்து ஆளை எடைபோடுகிறோம். லெவின் குழுவினர் பார்த்தது வேறு.

முதல் ஆய்வுக்குப் பிறகு, ரால்ஃப் ஒயிட் என்பவரும் சேர்ந்துகொள்ள, பத்து வயதுச் சிறுவர்களைக் கொண்டு நான்கு புதிய கழகங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். தலைவர்களாகப் பெரியவர்கள் நான்கு பேர். சில வாரங்களுக்கு ஒருமுறை தலைவரும் மாறுவார், தலைமை முறையும் மாறும். ஒரே தலைவர் ஒரு கழகத்தில் கட்டளையிடுவார், இன்னொன்றில் கலந்து பேசுவார். அதனால் விளைவு அந்த ஆளின் சுபாவத்தால் வந்ததா, நடத்திய முறையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

இங்கேதான் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. ஜனநாயக முறையில் நடத்த வேண்டிய முறை ஒயிட்டுக்கு வந்தது. அவரும் அப்படித்தான் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் செய்ததெல்லாம் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டதுதான். எதையும் சேர்ந்து பேச வைக்கவில்லை, வழி சொல்லவில்லை, வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. கழகம் சிதறியது. அதைக் கவனித்த லெவின், ஒயிட்டைத் திருத்துவதற்குப் பதிலாக, இது தனியாக ஆராய வேண்டிய வேறொரு முறை என்று கண்டுகொண்டார். தலையிடாத் தலைமை என்ற மூன்றாவது வகை அப்படிப் பிறந்தது. ஜனநாயகம் என்று நினைத்துக்கொண்டு விலகி நின்ற ஒருவரிடமிருந்து அது பிறந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. இன்றைக்கும் அலுவலகங்களில் இந்த இரண்டைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறோம்.

மூன்று முறைகளையும் நடத்தியவர்களுக்குத் தெளிவான வரையறைகள் இருந்தன. எதேச்சதிகாரத் தலைவர் எல்லா முடிவையும் தானே எடுப்பார். வேலையை ஒவ்வொரு படியாகச் சொல்லுவார். அடுத்த படி என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. யார் யாரோடு சேர்ந்து செய்வது என்பதையும் அவரே சொல்லுவார். பாராட்டினாலும் கண்டித்தாலும் ஆளைச் சுட்டியே பேசுவார். செய்துகாட்டும்போது தவிர வேலையில் கலந்துகொள்ள மாட்டார்.

ஜனநாயகத் தலைவர் முடிவுகளைக் குழுவின் பேச்சுக்கு விடுவார்; அந்தப் பேச்சு நடப்பதற்குத் துணையும் நிற்பார். முதல் கூட்டத்திலேயே மொத்த வேலையின் போக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நுட்பத்தில் சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று வழிகளைச் சொல்லி, தேர்வை அவர்களிடம் விடுவார். பாராட்டும் கண்டிப்பும் செய்த வேலையைப் பற்றியதாகவே இருக்கும். அவரும் குழுவில் ஒருவர்போல இருப்பார், ஆனால் அவர்கள் வேலையை இழுத்துப் போட்டுத் தானே செய்துவிட மாட்டார்.

தலையிடாத் தலைவர் பொருள்களைக் கொடுப்பார், கேட்டால் தகவல் சொல்லுவார். அவ்வளவுதான்.

எதேச்சதிகாரத் தலைவர் பற்றிய வரையறையில் இன்னொரு குறிப்பும் இருந்தது: அவர் நட்பாகவோ விலகியோ நடந்துகொள்ளலாம், ஆனால் வெளிப்படையாகப் பகைமை காட்டக் கூடாது. அதாவது அந்தக் கழகங்களின் எதேச்சதிகாரிகள் கத்துகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை. சிரித்த முகத்தோடு அடுத்த கட்டளையைச் சொன்னார்கள். பகைமை பொங்கியதும் மந்தநிலை பிடித்ததும் அந்தச் சிரிப்பின் கீழேதான்.

இனி விளைவுகளுக்கு வருவோம். எதேச்சதிகாரத்தின் கீழ் இருந்த கழகங்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. சில கொந்தளித்தன. மற்றவை அடங்கிப்போயின: பேச்சு குறைவு, சிரிப்பு குறைவு, சொன்னதைச் செய்வது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது வகைக் கழகம் நல்ல ஒழுங்கோடு இருப்பதாகத்தான் தோன்றும். தலைவர் அறையில் இருந்தபோது, அடங்கிப்போன கழகங்களின் சிறுவர்கள் தங்கள் நேரத்தில் 74 விழுக்காட்டை வேலையில் செலவிட்டார்கள். ஜனநாயகக் கழகங்களில் இது 50 விழுக்காடு. தலையிடாத் தலைமையின் கீழ் 33. இந்த எண்களோடு நிறுத்திவிட்டால் கட்டளைதான் வென்றது என்று எழுதிவிடலாம்.

ஆனால் ஆய்வாளர்கள் அங்கே நிறுத்தவில்லை. ஏற்பாட்டின்படி தலைவர் அவ்வப்போது ஏதோ காரணம் சொல்லி அறையை விட்டு வெளியே போவார். அப்போதும் மறைவில் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்கள். தலைவர் வெளியேறியதும், அடங்கிப்போன கழகங்களில் 74 விழுக்காடு 29ஆகச் சரிந்தது. கொந்தளித்த கழகங்களில் 52 இருந்தது 16ஆனது. ஜனநாயகக் கழகங்களில் 50 இருந்தது 46 ஆனது; ஏறத்தாழ அப்படியே நின்றது. அங்கே வேலை பிள்ளைகளுடையதாக ஆகிவிட்டிருந்தது. மற்ற இடத்தில் அது கடைசிவரை தலைவருடைய வேலையாகவே இருந்தது.

இருபது சிறுவர்களில் பத்தொன்பது பேர், எதேச்சதிகாரத் தலைவரைவிட ஜனநாயகத் தலைவரையே பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். மாற்றிச் சொன்ன ஒருவன், ராணுவ அதிகாரி ஒருவரின் மகன். எதேச்சதிகாரத்தையும் தலையிடாத் தலைமையையும் ஒப்பிடும் வாய்ப்பு கிடைத்த பத்துப் பேரில் ஏழு பேர் தலையிடாதவரைத் தேர்ந்தார்கள். வேலையே நடக்காத இடமாக இருந்தாலும் கட்டளைக்கு அது மேல் என்று பத்து வயதில் தோன்றுவது இயல்புதான். இருபத்தைந்து வயதில் நைட் டூட்டி பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றுமா என்பது வேறு கேள்வி.

அதற்கு ஒரு மருத்துவமனை வார்டுக்குள் போக வேண்டும். பன்னிரண்டு செவிலியர்கள் மூன்று ஷிப்டுகளில் வேலை பார்க்கும் வார்டு என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி மாத டூட்டி லிஸ்ட் போட வேண்டும். பொங்கல் வாரத்தில் ஐந்து பேர் ஊருக்குப் போக விரும்புகிறார்கள். இதே வார்டுக்கு, இதே ஆட்களுக்கு, மூன்று வேறு இன்சார்ஜ் சிஸ்டர்கள் இருந்தால் என்ன நடக்கும்?

முதலாமவர் டிசம்பர் கடைசியில் லிஸ்டை எழுதிக் கொண்டுவந்து நோட்டீஸ் போர்டில் குத்துகிறார். பணியில் சேர்ந்து ஒரு வருடமே ஆன ஸ்டாஃப் நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "சிஸ்டர், பொங்கலுக்கு மூணு நாளும் எனக்கு நைட் போட்டிருக்கீங்களே?" பதில் மென்மையாகத்தான் வருகிறது: "லிஸ்ட் போட்டாச்சும்மா. இனிமே மாத்த முடியாது." ஏன் அவருக்கு மூன்று நாளும் என்பதற்குக் காரணம் இல்லை. அடுத்த மாதம் நைட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலை ஷிப்டில் வேலையும் இப்படித்தான் வரும்: "முதல்ல பெட் எல்லாம் போட்டு முடி. முடிச்சிட்டு என்கிட்ட வா, அப்புறம் என்னன்னு சொல்றேன்." நன்றாகச் செய்தால், "இந்த வார்டுலயே நீதான் கெட்டிக்காரி." தவறினால், "உனக்கு இதுகூட வராதா?" பாராட்டு கிடைத்தவருக்கும் தான் எதைச் சரியாகச் செய்தோம் என்று தெரியாது, சிஸ்டருக்குத் தன்மேல் பிரியம் என்பது மட்டும் தெரியும். மற்ற பதினோரு பேருக்கும் அது தெரியும். வார்டுக்குள் மனக்கசப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாமவர் டிசம்பர் பத்தாம் தேதியே வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு, ஓவர் கொடுத்து எடுக்கும் நேரத்தில், இரண்டு ஷிப்டு ஆட்களும் இருக்கும்போது பேசுகிறார். எதில் விட்டுக்கொடுக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறார்: நைட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் சீனியராக இருக்க வேண்டும். போன பொங்கலுக்கு யார் நைட் பார்த்தார்கள் என்று பழைய லிஸ்டை எடுத்துக் காட்டுகிறார். "ரெண்டு வழி இருக்கு. மூணு நாளையும் ஆளுக்கொரு நாளா பிரிச்சுக்கலாம். இல்லைன்னா, கிறிஸ்துமஸுக்கு லீவு எடுக்கிறவங்க பொங்கலைப் பார்த்துக்கலாம். எது சரி வரும்னு பேசுங்க. இருபதாம் தேதிக்குள்ள முடிவாகலைன்னா நானே போட்டுடுவேன்." பேச்சில் கொஞ்சம் சூடு ஏறுகிறது. ஒருவர் தனக்கு எப்போதும் அநியாயம் என்கிறார். இன்சார்ஜ் பழைய லிஸ்டை வைத்தே அதற்குப் பதில் சொல்ல வைக்கிறார். கடைசியில் கிறிஸ்துமஸ் லீவு கேட்ட இருவர் இரண்டு நைட்டுகளை ஏற்கிறார்கள். மூன்றாவதைப் போன ஆண்டு ஊருக்குப் போய்வந்த ஒருவர் எடுத்துக்கொள்கிறார். எல்லோருக்கும் கேட்டது கிடைத்துவிடவில்லை. ஆனால் யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இவர் குறை சொல்லும் விதத்தையும் பாருங்கள்: "ஏழாம் பெட் சார்ட்டுல ரெண்டு மணிக்கு மேல என்ட்ரி இல்லை. ஓவர் எடுக்கிறவங்களுக்கு எவ்வளவு டிரிப்ஸ் போயிருக்குன்னு எப்படித் தெரியும்?" கேட்பவருக்கு எதைத் திருத்த வேண்டும் என்று உடனே புரிகிறது. தான் கெட்டிக்காரியா மட்டியா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

மூன்றாமவர் எல்லோருக்கும் பிடித்தமானவர். "உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கோங்கம்மா. யார் வந்தாலும் எனக்கு ஒண்ணுதான்." கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது. பேசுகிறார்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து அல்ல. இருபது வருட சர்வீஸ் உள்ள இருவர் தங்களுக்குள் பேசி, தங்களுக்கு ஆஃப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை மற்றவர்கள் தலையில் கட்டுகிறார்கள். மூன்று நைட்டும் அந்த இளம் செவிலியருக்கே வந்து சேர்கின்றன. அவர் போய் முறையிட்டால், "நான் என்னம்மா பண்றது? நீங்களே போட்ட லிஸ்ட்தானே?" என்கிறார் இன்சார்ஜ். முதல் வார்டிலும் இந்தப் பெண்ணுக்கு மூன்று நைட்தான். ஆனால் அங்கே முடிவெடுத்தது யார் என்று அவருக்குத் தெரிந்தது. இங்கே குறை சொல்லக்கூட ஆள் இல்லை.

தலையிடாத் தலைமையில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை. மேற்பார்வையாளர் விட்டுப்போன இடத்தில், குழுவில் வலிமை உள்ளவர் உட்கார்ந்துகொள்கிறார். 2007இல் நார்வேயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நடந்த ஓர் ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டியது: தலையிடாத மேலாளர்களின் கீழ், தன் வேலை எது என்ற குழப்பமும் சக ஊழியர்களோடு மோதலும் கூடுதலாக இருந்தன, பணியிடத்தில் ஒருவரைக் குறிவைத்துத் துன்புறுத்துவதும் இவற்றோடு சேர்ந்தே காணப்பட்டது. அழிவு தரும் தலைமை என்றே அந்த ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். நான் இந்த வகையை மற்ற இரண்டைவிடக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வது இதனால்தான். எதேச்சதிகாரியைப் பற்றி ஊழியர்கள் டீக்கடையில் பேசித் தீர்ப்பார்கள்; சில சமயம் மேலிடத்துக்கு மனுவும் போகும். தலையிடாதவரைப் பற்றி யாரும் மனு எழுதுவதில்லை. பணி ஓய்வின்போது அவருக்குத்தான் பெரிய மாலை விழும்.

மூன்று வார்டுகளையும் பிரித்துக் காட்டியவை எவை? முடிவு யாரிடமிருந்து வந்தது. அடுத்து என்ன வரும் என்று கீழே இருப்பவருக்குத் தெரிந்ததா. பாராட்டும் குறையும் ஆளைத் தொட்டதா, வேலையைத் தொட்டதா. பேச்சு முட்டி நின்றபோது மேற்பார்வையாளர் அங்கே இருந்தாரா. தேர்வுத்தாளில் வரும் நான்கு வரி வர்ணனையிலும் இவற்றைத்தான் தேட வேண்டும். அன்பானவர், கண்டிப்பானவர், எளிமையானவர் என்று வரும் சொற்கள் பெரும்பாலும் கவனத்தைத் திருப்புவதற்காகப் போடப்பட்டவை.

வங்கிக் கிளை மேலாளர் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு வர்ணனை வருகிறது என்று கொள்வோம். எல்லோரையும் "தம்பி", "அம்மா" என்றுதான் அழைப்பார். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். எந்தக் கவுண்டரில் யார், எந்தக் கடன் கோப்பை யார் பார்ப்பது என்பதைத் தினமும் காலையில் அவரே சொல்லுவார். காரணம் கேட்டால், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், செய்" என்பார். இதைப் படித்ததும் ஜனநாயகத் தலைமை என்று எழுதுகிறவர்கள் நிறைய. இவர் எதேச்சதிகாரி, தந்தையின் வாத்சல்யம் உள்ள எதேச்சதிகாரி. இவரை நேசிக்கலாம், நன்றியோடும் இருக்கலாம். ஆனால் இவர் மாற்றலாகிப் போன மறுவாரம் அந்தக் கிளை தடுமாறும். எந்தக் கோப்பு ஏன் யாரிடம் போனது என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

இதற்கு நேர்மாறாக, பின்னலாடை நிறுவனத்தின் லைன் சூப்பர்வைசர் ஒருவர். தையல் மெஷின்களின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிக் குரலே கரகரத்துப் போனவர். மெல்லப் பேச அவருக்கு வராது. ஆனால் புது ஆர்டர் லைனுக்கு வரும்போது டெய்லர்களைச் சுற்றி நிற்கவைத்து, முதல் பீஸைக் காட்டி, "காலர்ல எங்க இடிக்கும்னு நினைக்கிறீங்க? போன ஆர்டர்ல யாருக்குத் தேங்குச்சு?" என்று கத்திக் கேட்கிறார். ஒருவர் சொன்ன யோசனைப்படி இரண்டு மெஷின்களின் வரிசை மாறுகிறது. அவர் கத்துவது உண்மைதான். முடிவு சேர்ந்து எடுக்கப்படுவதும் உண்மைதான். இது ஜனநாயகத் தலைமை.

கூட்டம் போடுவதாலேயே ஒருவர் ஜனநாயகத் தலைவராகிவிடுவதில்லை. மாதந்தோறும் எல்லோரையும் உட்காரவைத்து, "உங்க கருத்தைச் சொல்லுங்க" என்று கேட்டு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தான் முன்பே முடிவு செய்ததை அப்படியே சுற்றறிக்கையாக அனுப்புகிறவர்கள் உண்டு. இவர்களை அறிய ஒரு கேள்வி போதும்: கடந்த ஆறு மாதத்தில், ஊழியர் சொன்னதால் மாறிய முடிவு ஒன்றாவது உண்டா? இல்லை என்றால் அங்கே நடந்தது கலந்தாலோசனை இல்லை. கருத்துக் கேட்டு ஏமாற்றுவது, கேட்காமலேயே கட்டளையிடுவதைவிட ஊழியரை அதிகம் கசப்பாக்கும் என்பது என் கருத்து. கட்டளையிடுகிறவர் குறைந்தது தன் முறையை மறைப்பதில்லை.

பொறுப்பை ஒப்படைப்பதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் மிகவும் நுட்பமானது. பஸ் டிப்போ பணிமனையில் இருபது வருட அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒரு ஃபோர்மேன் சொல்கிறார்: "இந்த வண்டி கியர்பாக்ஸ் உங்க பொறுப்பு. எப்படிப் பண்றதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க. வெள்ளிக்கிழமை காலையில ரூட்டுக்குப் போகணும். புது பார்ட் வேணும்னா புதனுக்குள்ள சொல்லிடுங்க, நான் ஸ்டோர்ல பேசறேன். வியாழன் சாயங்காலம் ரெண்டு பேருமா ஓட்டிப் பார்ப்போம்." செய்முறையில் இவர் தலையிடவே இல்லை. ஆயினும் நாள் இருக்கிறது, எல்லை இருக்கிறது, உதவி இருக்கிறது, சரிபார்ப்பு இருக்கிறது. வண்டி வழியில் நின்றால் பதில் சொல்லப்போகிறவர் ஃபோர்மேன்தான். இது தலையிடாத் தலைமை இல்லை. "வண்டியைப் பார்த்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பாதபோது "நான் அப்பவே சொன்னேனே" என்கிறவர்தான் அந்த வகை.

நெருக்கடி நேரத்துக் கட்டளையை வைத்தும் ஒருவரை எதேச்சதிகாரி என்று சொல்லிவிடக் கூடாது. நம் இரண்டாவது இன்சார்ஜின் வார்டில் ஒரு நோயாளிக்குத் திடீரென நாடித்துடிப்பு நின்றுபோகிறது. "நீ நெஞ்சை அமுக்க ஆரம்பி. நீ டாக்டரைக் கூப்பிடு. நீ ட்ரேயை எடுத்துட்டு வா." யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அரை மணி கழித்து எல்லோரையும் உட்காரவைத்து, எதில் தாமதமானது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று கேட்கிறாரா என்று பாருங்கள். ஒருவருடைய தலைமை முறை, அவசரம் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமையில்தான் தெரியும்.

அயோவா முடிவுகளுக்கு எல்லையும் உண்டு. அங்கே இருந்தவர்கள் பத்து வயதுச் சிறுவர்கள். சம்பளம் இல்லை, வேலை போகும் பயம் இல்லை, முகமூடி சரியாக வராவிட்டால் யாருக்கும் ஆபத்தும் இல்லை. அதை அப்படியே தொழிற்சாலைக்கு எடுத்துப் போக முடியாது. தலைவர் அருகில் இருந்தவரை கட்டளைக்கு அடங்கிய கழகங்களே அதிக நேரம் வேலை செய்தன என்பதையும் மறைக்கக் கூடாது. நேற்றுச் சேர்ந்த பயிற்சி மாணவியிடம், மருந்து அளவை எப்படிக் கணக்கிடலாம் என்று கருத்துக் கேட்க முடியாது. படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, அப்படியே செய்ய வைக்க வேண்டும். கலந்து பேசுவதற்கு நேரம் பிடிக்கும். டிசம்பர் பத்தாம் தேதி தொடங்கியதால்தான் இரண்டாவது இன்சார்ஜால் முடிந்தது. முப்பதாம் தேதி தொடங்கியிருந்தால் அவரும் லிஸ்டை எழுதிக் குத்தியிருப்பார். நல்ல மேற்பார்வையாளர்கள் பலர் ஆளையும் வேலையையும் பார்த்து முறையை மாற்றிக்கொள்கிறார்கள். ராபர்ட் டானன்பாம், வாரன் ஷ்மிட் என்ற இருவர் 1958இல் எழுதிய கட்டுரை, இந்த முறைகளை முற்றும் கட்டளை ஒரு முனையிலும் மிகுந்த சுதந்திரம் மறு முனையிலும் இருக்கும் நீண்ட வரிசையாகவே பார்த்தது. அதில் எந்த இடத்தில் நிற்பது என்பது மேலாளரையும் ஊழியர்களையும் சூழ்நிலையையும் பொறுத்தது என்றது.

மூன்று வகைகளையும் ஒருவர் கலந்து பயன்படுத்தலாம் என்பதால், அவற்றைப் பிரித்தறிய வேண்டியதில்லை என்று ஆகாது. பதவி உயர்வுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும்போது, அவர் முன்னிலையில் அந்தப் பிரிவு எப்படி இயங்குகிறது என்று மட்டும்தான் மேலிடம் பார்க்கிறது. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் 74 விழுக்காட்டுப் பிரிவுதான் பளிச்சென்று இருக்கும். 50 விழுக்காட்டுப் பிரிவு சற்றுச் சந்தடியாக, இரண்டு பேர் எதையோ வாதிட்டுக்கொண்டு, ஒழுங்கு குறைந்ததுபோலத் தெரியும். தலையிடாதவரின் பிரிவில் புகார்ப் பெட்டி காலியாக இருக்கும். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் தவறான ஆட்கள் மேலே போகிறார்கள்.

ஆகவே மேற்பார்வையாளர்களை மதிப்பிடும் பொறுப்பில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் இருக்கும் நாளில் போகாதீர்கள். அவர் பத்து நாள் விடுப்பில் போகட்டும். எட்டாவது நாள் போய்ப் பாருங்கள். டூட்டி லிஸ்ட் யார் போட்டிருக்கிறார்கள், அதில் மிக இளையவருக்கு என்ன வந்திருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அந்த இளையவரைத் தனியே அழைத்து, அவருக்கு ஏன் அப்படி வந்தது என்று காரணம் தெரியுமா என்று கேளுங்கள்.